பேசிய கட்டிலும் வந்த கட்டிலும்

மரச்சாமான் பட்டறையில் ஒரு வடிவத்தைப் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்தபின் வேறொன்று வந்து இறங்கினால், வாங்கியவர் வாயில் முதலில் வருவது இதுதான்: “சரியாகச் செய்து கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.” பேச்சில் இவை இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகளாகத் தெரிகின்றன. சட்டத்தின் பார்வையில் அப்படி இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்பவர், வந்த பொருளைத் தான் ஏற்கவே இல்லை என்கிறார். குறையைச் சரிசெய்யவோ விலையைக் குறைக்கவோ கேட்பவர், பொருளை ஏற்றுக்கொண்டு அதன் குறையைச் சொல்கிறார். எந்த நிலையில் நிற்கிறோம் என்பதைப் பெரும்பாலும் பொருள் வந்து இறங்கிய முதல் சில நாட்களில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதுமே தீர்மானித்துவிடுகின்றன. புகார்க் கடிதம் அதற்குப் பிறகு எழுதப்படுவது. அந்த நாட்களில் கைவிட்டதைக் கடிதத்தால் முழுவதும் மீட்க முடியாது.

தமிழ்நாட்டு வீடுகளில் எளிதில் நிகழக்கூடிய ஒரு வழக்கைக் கற்பனையாக அமைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். ஒருவர் 78-க்கு 72 இஞ்சு மெத்தை ஒன்றை முன்பே வாங்கிவிட்டார். அதற்கு ஏற்ற கட்டிலைப் பட்டறையில் சொல்லிச் செய்கிறார். விலை 92,000 ரூபாய். தாளில் ஒரு படம் வரைந்து, “78 × 72 மெத்தைக்கு, தலைமாட்டுப் பலகை முழுத் தேக்கு, இயற்கை நிறப் பாலிஷ்” என்று எழுதி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பட்டறைக்காரர் “சரி சார்” என்று பதில் போடுகிறார். அட்வான்ஸ் 50,000. டெலிவரி அன்று 30,000 கொடுத்து, மீதி 12,000 ரூபாயைப் பூட்டிப் பார்த்தபின் தருவதாகச் சொல்கிறார். பூட்டிய பிறகு மெத்தை இறங்கவில்லை. உள்அளவு 75-க்கு 69 இஞ்சுதான் இருக்கிறது. தலைமாடு பிளைவுட் மேல் தேக்கு வெனீர் ஒட்டியது. பாலிஷ் அடர்ந்த காப்பிக் கொட்டை நிறம்.

மூன்று வேறுபாடுகள். மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல என்பதைப் புகார் எழுதுமுன் வாங்கியவர் தனக்குள்ளே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குரலில் அடுக்கும் கடிதத்தில் வலுவான குறை பலவீனமான குறையோடு கலந்து தன் எடையை இழந்துவிடுகிறது.

அளவு

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. சட்டங்கள் ஒன்றரை இஞ்சு கனம். 78-இல் இரு பக்கமும் ஒன்றரை கழித்தால் 75. 72-இல் அதேபோல் கழித்தால் 69. அதாவது, ஆசாரி 78, 72 என்ற எண்களைக் கட்டிலின் வெளிஅளவாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வேலையில் ஒரு தப்பும் இல்லை; மூலைமட்டம் சரியாக இருக்கலாம், பொருத்துகள் இறுக்கமாக இருக்கலாம். ஆனாலும் மெத்தை இறங்காது. உள்அளவா வெளிஅளவா என்று குறிக்காமல் விடுவது கட்டில், அலமாரி, சமையலறைக் கட்டமைப்பு எல்லாவற்றிலும் சண்டைக்கு வழிவிடும்.

பட்டறைக்காரர் “நீங்கள் 78-க்கு 72 என்றீர்கள், அதைத்தான் செய்திருக்கிறேன்” என்று சொல்லலாம். தாளில் வெறும் எண்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் பலம் உண்டு. ஆனால் தாளில் “மெத்தைக்கு” என்ற சொல் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இங்கே பேசுகிறது: பொருள் எந்தக் குறிப்பிட்ட பயனுக்கு என்று வாங்குபவர் விற்பவரிடம் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி, அவருடைய தொழிலில் வழக்கமாகத் தரும் பொருளையே வாங்கினால், அந்தப் பயனுக்குப் பொருள் உகந்ததாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தின் நிபந்தனை ஆகிவிடுகிறது. ஒரு மெத்தையின் பெயர் சொல்லிச் செய்யப்பட்ட கட்டில் அந்த மெத்தையைத் தாங்காவிட்டால், வெளிஅளவு சரி என்ற வாதம் அதிக தூரம் போகாது.

“மரம் சுருங்கிவிட்டது” என்ற பதிலும் வரக்கூடும். மரம் சுருங்குவது உண்மை. ஆனால் அது எந்தத் திசையில் சுருங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் விரிந்து சுருங்குவது பெரும்பாலும் இழைக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில். பதினெட்டு இஞ்சு அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து, அகலம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வரை மாறலாம். ஆகவே நல்ல ஆசாரி அகலப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் நிற்கவைத்து, அசைய இடம் விடுகிறார். கோடையில் காடியோரம் மெல்லிய கோடாகப் பாலிஷ் படாத மரம் தெரிவது இதனால்தான். அதைக் குறை என்று புகாரில் எழுதினால் தொழில் தெரிந்தவர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இழையின் நீளவாக்கிலோ, பச்சை மரம் முற்றிலும் காய்ந்தாலும் சுருக்கம் கால் சதவீதத்தைக்கூட எட்டுவது அரிது. கட்டிலின் நீளத்தையும் அகலத்தையும் தீர்மானிப்பவை நீளவாக்கில் அறுத்த சட்டங்கள். அவற்றில் மூன்று இஞ்சு சுருக்கத்தால் காணாமல் போக வழியே இல்லை.

மரம்

தலைமாட்டின் கதை வேறு. அங்கே கேள்வி, சொன்ன பொருளும் வந்த பொருளும் ஒன்றுதானா என்பது. “மேலே இருப்பது தேக்குதானே” என்று பட்டறைக்காரர் சொன்னால் அது பொய் அல்ல; வெனீர் என்பது உண்மையான தேக்கிலிருந்து சீவிய மெல்லிய தோல். ஆனால் பேசியது முழுத் தேக்கு. விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. வெனீர் இழிவானது என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. அகலப் பலகைகளில் கோணாமல் நிற்பதில் நல்ல பிளைவுட் முழுமரத்தைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். கேட்டது வேறு, வந்தது வேறு என்பதே போதும்.

கண்டுபிடிப்பது எப்படி? முகப்பைப் பார்த்துப் பயனில்லை. அதை அழகாகத் தெரியும்படிதான் செய்திருப்பார்கள். பலகையின் வெட்டுமுனையைப் பார்க்க வேண்டும். முழுமரத்தில், மேற்பரப்பில் ஓடும் கோடுகள் முனையில் திரும்பி ஆண்டு வளையத்தின் வளைவுகளாகத் தொடரும். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். ஒரு கைலென்ஸ் இருந்தால் தெரியும். வெனீரில் அந்தக் கோடுகள் விளிம்போடு நின்றுவிடும், அல்லது பிளைவுட்டின் அடுக்குகள் தெரியும். விளிம்பில் தேக்குப் பட்டை ஒட்டி மறைத்திருந்தால் பின்பக்கத்தையும் திருகு இறங்கிய துளைகளின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஒரே பூவேலைப்பாடு கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபக்கமும் திரும்ப வந்தால் அதுவும் வெனீரின் அடையாளம்.

முழுமரம்தான், ஆனால் தேக்கா என்ற ஐயம் எழுந்தால் கண் போதாது. சாயமேற்றிய வேறு மரம் பாலிஷுக்குப் பின் பழகியவரையும் ஏமாற்றும். பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் சிறு துண்டை வைத்து மர வகையைக் கட்டணத்துக்கு ஆய்ந்து சொல்கிறார்கள். வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், குறையைச் சோதனை இல்லாமல் கண்டறிய முடியாது என்ற நிலை வந்தால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவரைக் கட்டச் சொல்லலாம். தேக்கிலேயே இன்னொரு சண்டை உண்டு: வைரம் பாய்ந்த மரமா, வெள்ளை அதிகமுள்ள மரமா என்பது. வெள்ளைப் பகுதியும் தேக்குதான், ஆனால் பூச்சி அரிக்கக்கூடியது. “தேக்கு” என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தச் சண்டையில் வாங்கியவரின் கை தாழ்ந்தே இருக்கும்.

பாலிஷ் நிறத்தைப் பொறுத்தவரை, தாளில் “இயற்கை நிறம்” என்று இருப்பதால் இங்கே குறை உண்டு. ஆனால் கட்டிலின் பயனை அது கெடுக்கவில்லை. தனியாக இது மட்டும் இருந்திருந்தால், மறுபாலிஷ் கேட்பதே நியாயம். முழுப் பணத்தையும் கேட்பது மிகை.

முதல் சில நாட்கள்

சரக்கு விற்பனைச் சட்டம் மூன்று வழிகளில் வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதுகிறது. ஏற்றேன் என்று அவரே சொல்வது. பொருள் தன்னுடையது என்பதுபோல் அதை நடத்துவது. நியாயமான காலம் கடந்தும் மறுப்பதாகத் தெரிவிக்காமல் வைத்துக்கொள்வது. இவை 42-ஆம் பிரிவில் உள்ளன. நியாயமான காலம் எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வழக்கின் நிலைமையைப் பொறுத்தது. ஏற்றுக்கொண்டபின், நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் பொருளைத் தள்ளும் உரிமை பொதுவாகப் போய்விடுகிறது. விலைக்குறைப்போ நட்டஈடோ மட்டும் கேட்கலாம் என்கிறது 13-ஆம் பிரிவு. இருக்கிற குறையோடு அதே கட்டிலில் இரண்டு மாதம் படுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பவர் தன் பாதையைத் தானே குறுக்கிக்கொள்கிறார். துளையிட்டு விளக்கு பொருத்துவது, காலைக் குறைத்து அறுப்பது, வேறு ஆசாரியை வைத்துத் திருத்துவது ஆகியவை இன்னும் மோசம். கடைசியில் சொன்னது ஆதாரத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

சரி, டெலிவரி அன்று ஆட்கள் நீட்டிய சீட்டில் “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்துப் போட்டாயிற்றே? அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை ஏற்றுக்கொண்டதாகாது என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. பிரித்த நிலையில் வந்து பின்னர் பூட்டப்பட்ட கட்டிலின் உள்அளவை டெலிவரி வண்டியருகே யாரும் சோதித்திருக்க முடியாது. இருந்தாலும் சீட்டில் “பூட்டிச் சரிபார்ப்பதற்கு உட்பட்டு” என்று ஒரு வரி எழுதிவிடுவது பின்னர் வரும் நீண்ட வாதத்தை மிச்சப்படுத்தும்.

மறுக்கும் வாங்குநர் பொருளைத் தன் செலவில் வண்டி வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. பொருள் சேதமாகாமல் பார்த்துக்கொள்வதும், வந்து எடுத்துக்கொள்ள வழிவிடுவதும் நியாயமான நடத்தையின் பகுதி. நம் வழக்கில் கட்டிலைச் சுவரோரம் நிறுத்தித் துணி போர்த்தி வைத்துவிட்டு, மெத்தையைத் தரையில் போட்டுப் படுப்பதுதான் சரியான செயல். சிரமம்தான். ஆனால் கட்டிலை ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

மீதி 12,000 ரூபாயை நிறுத்திவைக்கலாமா? விற்பவரின் உறுதி மீறப்பட்டிருந்தால் விலையைக் குறைப்பதற்கு அதைக் காரணமாக முன்வைக்கும் உரிமையை 59-ஆம் பிரிவு தருகிறது. ஆகவே நிறுத்திவைக்கலாம், ஆனால் பேசாமல் இருந்து நிறுத்தக் கூடாது. ஏன் நிறுத்துகிறோம், எப்போது தருவோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் தராமல் இழுத்தடிக்கக் குறை சொல்கிறார் என்ற பதில் வந்து நிற்கும்.

எழுதுமுன் இன்னொன்றையும் நேர்மையாகச் சரிபார்க்க வேண்டும். நடுவில் ஒருநாள் பட்டறைக்காரர் போன் செய்து, “அந்த அகலத்தில் பலகை கிடைக்கவில்லை, வெனீர் போட்டுவிடட்டுமா?” என்று கேட்டு, வீட்டில் யாராவது “சரி” என்றிருக்கிறார்களா? ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து வாய்மொழியாகவே மாற்றலாம். அப்படி மாற்றியிருந்தால் அந்தக் குறை புகாரிலிருந்து விழுந்துவிடும். வேண்டுமானால் விலை வித்தியாசத்தை மட்டும் கேட்கலாம்.

திருத்த முடிவது, முடியாதது

மறுவேலை கேட்பவர், எதைத் திருத்த முடியும் என்று தெரிந்து கேட்க வேண்டும். பாலிஷை அடர்த்தியாக்குவது எளிது. வெளிரவைக்க வேண்டுமானால் இருக்கும் பூச்சை முழுக்கச் சுரண்டி, தேய்த்து, புதிதாகப் போட வேண்டும். முழுமரத்தில் அதைச் செய்யலாம். வெனீரின் கனமோ பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுதான். உப்புத்தாள் போட்டு ஆழமாகத் தேய்த்தால் தோல் கிழிந்து கீழே பிளைவுட் தெரிந்துவிடும். வெனீர்ப் பலகையை முழுமரமாக மாற்றும் வழி எதுவும் இல்லை. பலகையையே மாற்ற வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, நீளச் சட்டத்தில் மூன்று இஞ்சுத் துண்டை ஒட்டி நீட்டித் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆள் உட்காரும்போது வளையும் சட்டம் அது. வெட்டுமுனையோடு வெட்டுமுனை ஒட்டிய பசைப் பொருத்து அந்தப் பளுவைத் தாங்காது. சட்டங்கள் கொக்கியிலோ போல்ட்டிலோ மாட்டியிருந்தால் அவற்றைக் கழற்றிப் புதிய நீளச் சட்டங்களை மாட்டலாம். ஆனால் நம் வழக்கில் அகலமும் குறைவு. ஆகவே தலைமாடு, கால்மாடு, பலகைத் தட்டு எல்லாம் மாற வேண்டும். கால்களைத் தவிர மிஞ்சுவது அதிகமில்லை. திருத்தம் என்ற பெயரில் நடக்கப்போவது புதிய கட்டில் செய்வதுதான். இதை இருவரும் முதலிலேயே ஒப்புக்கொண்டால், “வந்து பார்க்கிறேன்” என்று ஆள் அனுப்பி நாளைக் கடத்தும் நிலை வராது.

இங்கே பட்டறைக்காரரின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். சொல்லிச் செய்த பொருளை வேறொருவருக்கு விற்பது கடினம். மரம் அறுத்தாயிற்று, கூலி கொடுத்தாயிற்று. பணத்தைத் திருப்பித் தருவதைவிட மறுபடி செய்து தருவது அவருக்குப் பல வேளைகளில் இலகுவானது, 75-க்கு 69 கட்டிலுக்கு அவர் வேறு வாங்குநரைத் தேடிக்கொள்ளவும் கூடும். முதலில் மறுவேலைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்து, அது நடக்காவிட்டால் பணம் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இப்படி வாய்ப்புக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பின்னால் ஆணையத்தின் முன் நிற்கும்போது வாய்ப்புக் கொடுத்தவரின் தரப்பு தெளிவாகத் தெரியும். வாய்ப்புக் கொடுக்கும்போதே, பொருளை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்; இல்லையென்றால் மறுவேலை கேட்டதே ஏற்றதற்கு அடையாளமாகக் காட்டப்படலாம்.

அந்தக் கடிதம் இப்படி அமையலாம்:

“ஐயா, தங்கள் பட்டறையில் நான் சொல்லிச் செய்த கட்டில் நேற்று என் வீட்டில் இறக்கிப் பூட்டப்பட்டது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பித் தாங்கள் ஒப்புக்கொண்ட வரைபடத்தில் 78 × 72 இஞ்சு மெத்தைக்கான கட்டில் என்றும், தலைமாடு முழுத் தேக்கு என்றும், இயற்கை நிறப் பாலிஷ் என்றும் உள்ளது. வந்துள்ள கட்டிலின் உள்அளவு 75 × 69 இஞ்சு. மெத்தை இறங்கவில்லை. தலைமாடு பிளைவுட் மேல் தேக்கு வெனீர். பாலிஷ் அடர் பழுப்பு. அளவுநாடாவோடு எடுத்த படங்களையும் தலைமாட்டின் வெட்டுமுனைப் படத்தையும் இணைத்துள்ளேன்.

ஒப்புக்கொண்ட வடிவத்தில் இல்லாததால் இந்தக் கட்டிலை நான் ஏற்கவில்லை. அதைப் பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்துள்ளேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டு எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

வரைபடத்தின்படி கட்டிலைப் புதிதாகச் செய்து, இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். அதற்குச் சம்மதம் என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். மீதித் தொகை ரூ. 12,000-ஐ, சரியான கட்டிலைப் பூட்டி அளந்து பார்த்த அன்றே தருவேன். புதிதாகச் செய்து தர இயலாவிட்டால் நான் செலுத்திய ரூ. 80,000-ஐத் திருப்பித் தந்து, தங்கள் செலவில் கட்டிலை எடுத்துச் செல்லக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

கோபமான சொல் ஒன்றும் இதில் இல்லை. ஏமாற்றினீர்கள் என்ற குற்றச்சாட்டும் இல்லை. அது தேவையும் இல்லை. தவறு வேண்டுமென்றே செய்ததா, வெளிஅளவு உள்அளவுக் குழப்பமா என்பது வாங்கியவர் நிரூபிக்க வேண்டிய சுமை அல்ல. ஏமாற்றினார் என்று எழுதிவிட்டால் அதையும் நிரூபிக்க வேண்டிய இடத்துக்குத் தன்னைத் தானே தள்ளிக்கொள்கிறார்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அன்றே அனுப்பிவிட்டு, கையெழுத்திட்ட படியை டெலிவரிச் சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்ப வேண்டும். உரையாடலைத் தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டுகளாக மட்டும் வைக்காமல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வதும், அது இருந்த போனை மாற்றாமல் வைத்திருப்பதும் நல்லது. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைப்பதைப் பற்றி 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு பேசுகிறது. நுகர்வோர் ஆணையங்களில் சாட்சிய விதிகள் சிவில் நீதிமன்றத்தின் இறுக்கத்தோடு பின்பற்றப்படுவதில்லை என்றாலும், அந்தச் சான்றிதழை இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பின் ஓர் ஆட்சேபம் முளையிலேயே நின்றுவிடும்.

பதில் வராவிட்டால்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறை என்பதை விளக்கும் விதம் நம் வழக்குக்கு நேராகப் பொருந்துகிறது. தரத்திலோ அளவிலோ, சட்டத்தால் மட்டுமல்ல, ஒப்பந்தத்தால் காக்கப்பட வேண்டிய எதிலும் ஏற்படும் குறைவே குறை. ஆகவே கட்டில் உறுதியானதுதானே என்ற பதில் ஆணையத்தில் நிற்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பில்லில் காலவரம்பு எதுவும் இல்லையென்றால் 30 நாள். கடிதத்தில் 30 நாள் என்று எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்தை நாமே மரக்கடையில் வாங்கிக் கொடுத்து, ஆசாரி கூலிக்குச் செய்திருந்தால் நிலை சற்று மாறும். அங்கே விற்பனை இல்லை, வாங்கியது சேவை. மேலே சொன்ன விற்பனைச் சட்டப் பிரிவுகள் நேரடியாகப் பொருந்தா. ஆனால் நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். வீட்டுப் பணியாளரைப்போல் நம் கட்டளையில் இயங்கும் தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தை மட்டுமே சட்டம் விலக்குகிறது. தன் தொழில்திறனோடு வேலையை ஏற்றுச் செய்யும் ஆசாரி அதில் வரமாட்டார். இங்கே கேட்க வேண்டியது கூலியும், வீணான மரத்தின் விலையும், மறுவேலையும்.

புகாரைத் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பட்டறை வேறு ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019 சட்டம் கொண்டுவந்த பயனுள்ள மாற்றங்களில் இது ஒன்று. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் சில வேளைகளில் அங்கேயே பேச்சு முடியும். ஆனால் அது சமரச முயற்சிதான், உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை.

அறிவிப்புப் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த வரம்பை உறுதிசெய்தது. வழக்கு மூன்று மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கு. நடைமுறையில் அதைத் தாண்டிப் போவதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். குறையை நீக்கு, புதிது கொடு, விலையை வட்டியோடு திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று ஆணையம் எதையும் உத்தரவிடலாம். பொருளை ஏற்றுவிட்டவருக்கும் பணத்தைத் திரும்பத் தரச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் எவ்வளவு காலம் பயன்படுத்தினார் என்பது அப்போது தராசில் ஏறும். மனஉளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 92,000 ரூபாய்க் கட்டில் வழக்கில் அது கோரிக்கையின் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும். வாடகைக்கு எடுத்த கட்டில், பில் உள்ள போக்குவரத்துச் செலவு போன்றவற்றைத் தனித்தனியே காட்டினால் அவை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இந்தவகை வழக்குகளுக்கு 2019 சட்டம் சேர்த்த சமரச வழி மிகவும் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். இருதரப்பும் சம்மதித்தால் ஆணையம் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பலாம். தீர்ப்பில் “கட்டிலை மாற்றிக் கொடு” என்று ஒரு வரிதான் இருக்கும். சமரச ஒப்பந்தத்தில் அந்த வரி எப்படி நடக்கும் என்பதை எழுதிக்கொள்ளலாம். உள்அளவு 78 × 72 என்று அம்புக்குறி போட்ட புதிய வரைபடம், இருவர் கையெழுத்தோடு. மெத்தை சிக்காமல் இறங்க எவ்வளவு இடைவெளி கூட்டுவது. தலைமாட்டுப் பலகையைப் பாலிஷ் போடுமுன் பட்டறைக்கு வந்து வெட்டுமுனையைப் பார்க்கும் உரிமை. பாலிஷ் நிறத்துக்கு அதே மரத்தில் பூசிய ஒரு மாதிரித் துண்டு, பின்பக்கம் இருவர் கையெழுத்தோடு. அப்படிச் செய்தால் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற 17-ஆம் பிரிவும் துணைக்கு வரும். பழைய கட்டிலை யார் பிரிப்பது, வண்டி வாடகை யாருடையது, எந்தத் தேதிக்குள். மெத்தையை இறக்கிப் பார்த்தபின் 12,000 ரூபாய் எந்த முறையில் செலுத்தப்படும். தேதி தவறினால் வேறு பேச்சின்றி 80,000 ரூபாய் திரும்ப வேண்டும் என்பது. ஒப்பந்தத்தை ஆணையம் பதிவுசெய்து உத்தரவாக்கிவிட்டால், அதை மீறுபவர்மீது சிவில் தீர்ப்பைப்போல் நிறைவேற்று மனுப் போடலாம். உத்தரவுக்குப் பணியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆம் பிரிவு இடம் தருகிறது.